திருப்பூர்த் தையல் தொழிலாளரிடம் கேட்க ஒரு கேள்வித்தாள்: தமிழாக்கமும் மீள்மொழிபெயர்ப்பும்

ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கி, அந்தத் தமிழை மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே மீள்மொழிபெயர்ப்பு. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பண்பாடுகளை ஒப்பிடும் ஆய்வுகளில் இது ஏறத்தாழக் கட்டாய வழக்கமாகிவிட்டது. கோவையிலும் ஈரோட்டிலும் முதுகலை ஆய்வேடுகளைப் புரட்டினால், "கேள்வித்தாள் மீள்மொழிபெயர்ப்பு மூலம் சரிபார்க்கப்பட்டது" என்ற ஒரு வரி தவறாமல் கண்ணில் படும். என்ன சரிபார்த்தார்கள், என்ன அகப்பட்டது, எதை மாற்றினார்கள் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆங்கிலம் அப்படியே திரும்பி வந்துவிட்டால் தமிழ் சரி என்று ஆகிவிடாது. வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த மோசமான தமிழ்தான் மிக அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். மீள்மொழிபெயர்ப்பு சில வகைப் பிழைகளை மட்டும் பிடிக்கும்; மற்றவற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவர்கள்தான் காட்டித்தர வேண்டும். எந்தப் பிழை எங்கே அகப்படும் என்பதை ஒரே ஒரு கேள்வித்தாளை வைத்துப் பார்ப்போம்.

## எடுத்துக்கொள்ளும் கேள்வித்தாள்

வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கி 1987-இல் அப்ளைட் எர்கனாமிக்ஸ் இதழில் வெளியிட்ட, தசை, எலும்பு, மூட்டுத் தொந்தரவுகளுக்கான கேள்வித்தாள் இது. சுருக்கமாக நார்டிக் கேள்வித்தாள் என்பார்கள். உடலை 9 பகுதிகளாகப் பிரிக்கிறது: கழுத்து, தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டும் கையும், மேல் முதுகு, கீழ் முதுகு, இடுப்பு மூட்டும் தொடையும், முழங்கால்கள், கணுக்காலும் பாதமும். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்விகள். கடந்த 12 மாதங்களில் அங்கே தொந்தரவு இருந்ததா, அதனால் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனதா, கடந்த 7 நாட்களில் தொந்தரவு இருந்ததா. பின்பக்கமாக நிற்கும் ஒரு மனித உருவப் படமும் அதோடு வரும்.

இதைத் திருப்பூர், அவிநாசி வட்டாரத்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண் டெய்லர்களிடம் கேட்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் பவர் டேபிள், ஓவர்லாக் தையல் மிஷின்களில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களே நிரப்பும் தாள் அல்ல. களப்பணியாளர் வாசித்துக் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளும் தாள். இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கண்ணால் படிக்கும் தமிழும் காதால் கேட்கும் தமிழும் வேறு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கம் காதில் விழாது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விசாரணைகள் முடிந்திருக்க வேண்டும். கருவியைப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி தேவையா என்பது ஒன்று. ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்பது இன்னொன்று. இருந்தால் அது எந்த ஊர்த் தமிழ் என்று பாருங்கள். இலங்கையிலோ சிங்கப்பூரிலோ செய்த வடிவம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் அவிநாசியில் வாசித்துக் காட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

## முதல் படி: ஒவ்வொரு கேள்வியும் எதை அறிய விரும்புகிறது

மொழிபெயர்க்கத் தொடங்குமுன் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரியில் ஒரு நோக்கக் குறிப்பு எழுதுங்கள். எந்தச் சொல் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, யார் 'ஆம்' என்றும் யார் 'இல்லை' என்றும் சொல்ல வேண்டும் என்பதை எழுத வேண்டும்.

கழுத்துக் கேள்விக்கு இப்படி எழுதலாம்: "இன்றிலிருந்து பின்னோக்கி 12 மாதங்களில் ஒரே ஒரு முறை லேசாக வலித்திருந்தாலும் ஆம். ஆண்டு முழுவதும் வலித்தாலும் ஆம். வலி இல்லாமல் மரத்துப்போயிருந்தாலும் ஆம்." வேலையைப் பற்றிய கேள்விக்கு: "வலியோடு சிரமப்பட்டு வேலையை முடித்தவர் இல்லை. வலியால் வேலையைச் செய்ய முடியாமல் போனவர் ஆம். சமையலும் துவைப்பதும் வேலைக் கணக்கில் சேரும்."

இந்தக் குறிப்பு பின்னால் நடக்கும் எல்லாச் சண்டைகளையும் தீர்க்கும். இது இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புக் கூட்டம் இலக்கணப் பட்டிமன்றமாகத்தான் முடியும்.

## இரண்டாம் படி: இருவர், தனித்தனியாக

டார்கஸ் பீட்டனும் சக ஆய்வாளர்களும் 2000-இல் ஸ்பைன் இதழில் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் உடல்நலக் கேள்வித்தாள்களுக்குப் பலரும் பின்பற்றுகிறார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் ஒருவரையொருவர் கலக்காமல் மொழிபெயர்க்க வேண்டும். ஒருவருக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். பிசியோதெரபி ஆசிரியர் ஒருவர் என்று கொள்ளலாம். மற்றவருக்கு மருத்துவம் தெரியக் கூடாது, ஆய்வின் நோக்கத்தையும் அவருக்கு விளக்குவதில்லை. பள்ளி ஆசிரியராகவோ பத்திரிகையில் எழுதுபவராகவோ இருக்கலாம். இருவரில் ஒருவராவது கொங்குப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பது நல்லது.

இருவருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள்: "இது திரும்ப ஆங்கிலமாகும் என்று நினைத்து எழுதாதீர்கள்." அந்த நினைப்பு வந்தால் கை தானாகவே ஆங்கிலச் சொல்லை ஒட்டியே போகும், தேர்வில் தேறும், தெருவில் தேறாது.

பிறகு அந்த இருவரும் நீங்களுமாக மூவர் உட்கார்ந்து இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்குங்கள். எங்கெல்லாம் இருவரும் வேறு சொல் போட்டிருக்கிறார்களோ அந்த இடங்களைச் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். ஆங்கிலம் மயக்கமாக இருக்கும் இடமோ தமிழில் இரண்டு வழி பிரியும் இடமோ அங்கேதான் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் கீழ் முதுகுக்கு ஒருவர் 'கீழ் முதுகு' என்றும் மற்றவர் 'இடுப்பு' என்றும் எழுதியிருக்கிறார். இதை நினைவில் வையுங்கள்.

ஒன்றாக்கிய முதல் வரைவில் கழுத்துக் கேள்வி இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"கடந்த 12 மாதங்களாக எப்போதாவது உங்கள் கழுத்தில் பிரச்சினை (வலி, அசௌகரியம் மற்றும் உணர்வின்மை) இருந்ததா?"

பார்வைக்குக் குறையில்லாத வாக்கியம். அரசுப் படிவங்களில் இதைவிட மோசமானவற்றை நாம் அனைவரும் நிரப்பியிருக்கிறோம்.

## மூன்றாம் படி: மீள்மொழிபெயர்ப்பு

இதற்கும் இருவர், தனித்தனியாக. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராக இருக்க வேண்டும் என்கிறது பீட்டன் வழிகாட்டுதல். கோவையில் அப்படி ஒருவரைத் தேடுவது கடினம். வெளிநாட்டில் வளர்ந்து ஆங்கிலத்திலேயே சிந்திக்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற ஒருவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் நல்ல புழக்கம் உள்ளவரை எடுத்துக்கொண்டு, அதை அறிக்கையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுங்கள். தாய்மொழி விதியில் விட்டுக்கொடுக்கலாம். மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது என்ற விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிசியோதெரபிஸ்ட், எலும்பு மருத்துவர் யாரையும் இந்த வேலைக்குப் பிடிக்காதீர்கள். நார்டிக் கேள்வித்தாள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தமிழைப் படிப்பதுபோல் படித்து நினைவிலிருந்து எழுதுவார்கள்.

பலரும் தவறவிடும் ஒரு குறிப்பு உண்டு. திறமையான மீள்மொழிபெயர்ப்பாளர் கெட்ட தமிழைத் தன்னையறியாமல் சீர்செய்து நல்ல ஆங்கிலமாக்கிவிடுவார். பிழை அவர் கையிலேயே மறைந்துபோகும். ஆகவே எழுத்தில் கொடுங்கள்: "எதையும் சரிசெய்ய வேண்டாம். தமிழில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். இரண்டு பொருள் தோன்றினால் இரண்டையும் எழுதுங்கள். வாக்கியம் செயற்கையாகத் தோன்றினால் ஓரத்தில் குறியிடுங்கள்."

மேலே உள்ள வரைவு இருவரிடம் போய்த் திரும்பியபோது, அவர்களது ஆங்கிலத்தின் சாரம் இது. முதலாமவர்: கடந்த 12 மாதங்களும் தொடர்ந்து, அவ்வப்போது, கழுத்தில் வலியும் அசௌகரியமும் உணர்வின்மையுமான பிரச்சினை இருந்ததா? இரண்டாமவர் ஏறக்குறைய மூலத்தையே எழுதிவிட்டு, 'எப்போதாவது' என்பதற்கு மட்டும் 'ஒரு முறையேனும்', 'அரிதாக' என இரண்டு பொருளையும் குறித்திருந்தார்.

## நான்காம் படி: ஒப்பிடுவது

ஒரு விரிதாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: மூலம், தமிழ், இரண்டு மீள்மொழிபெயர்ப்புகள். ஐந்தாவதாக முடிவுக்கு ஒரு பத்தி. சொற்கள் எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணாதீர்கள். நோக்கக் குறிப்பைக் கையில் எடுத்து, "இந்த மீள்வடிவத்தைக் கேட்டால் அதே ஆட்கள்தான் ஆம் என்பார்களா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். அப்படிப் பார்த்தால் கழுத்துக் கேள்வியில் நான்கு பிழைகள் வெளிவருகின்றன.

'மாதங்களாக' முதல் பிழை. 'மாதங்களில்' என்றால் அந்தக் காலத்துக்குள் ஏதோ ஒரு பொழுது. 'மாதங்களாக' என்றால் இடைவிடாமல். ஒரே ஒரு உருபு மாறியதில், சென்ற ஐப்பசியில் ஒரு வாரம் கழுத்து பிடித்துக்கொண்ட பெண் 'இல்லை' என்று பதில் சொல்வார்.

'எப்போதாவது' இரண்டாவது. நாம் நினைப்பது 'ஏதாவது ஒரு சமயம்'. கேட்பவருக்கு 'அத்தி பூத்தாற்போல்' என்றும் படும். இது கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது நுணுக்கமாகத் தோன்றும். களத்தில் அப்படி இல்லை. தினமும் வலிக்கிற ஒருவர் "எப்போதாவது எல்லாம் இல்லை, எப்போதுமே வலிதான்" என்பார். அவசரத்தில் இருக்கும் களப்பணியாளர் காதில் 'இல்லை' மட்டும் விழும். அதிகமாக வலிக்கிறவரே வலி இல்லாதவர் கணக்கில் சேர்வார். 'ஒரு முறையாவது' என்றால் இந்த மயக்கம் இல்லை.

மூன்றாவது, 'மற்றும்'. மூலத்தில் அடைப்புக்குறிக்குள் உளைச்சல், வலி, அசௌகரியம், உணர்வின்மை என நான்கு சொற்கள் வரிசையாக நிற்கின்றன. எதுவொன்று இருந்தாலும் போதும். 'மற்றும்' போட்டவுடன் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற பொருள் நுழைகிறது. தமிழில் 'வலியோ, மரத்துப்போவதோ' என்று ஓகாரம் போட்டால் முடிந்தது.

நான்காவது, ஒரு சொல்லையே காணவில்லை. மூலம் உளைச்சலையும் வலியையும் தனித்தனியே சொல்கிறது. வரைவு இரண்டையும் 'வலி' என்று அடக்கிவிட்டது. வலி வேறு, உளைச்சல் வேறு என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். சுளீரென்று இழுத்தால் வலி, வேலை முடிந்து படுத்த பிறகு குடைந்துகொண்டே இருந்தால் உளைச்சல். 'உளைச்சல்' சேர வேண்டும்.

பயப்பட வேண்டாத வேறுபாடுகளும் உண்டு. மீள்வடிவத்தில் வேறு ஆங்கிலச் சொல் வந்திருக்கும், ஆனால் ஆம் சொல்பவர்கள் மாறமாட்டார்கள். அவற்றை 'சொல் வேறுபாடு மட்டும்' என்று குறித்துவிட்டு நகருங்கள். அந்த ஆங்கிலச் சொல்லைத் திரும்ப வரவழைப்பதற்காகத் தமிழைக் கெடுப்பதுதான் இந்தக் கட்டத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

## மீள்மொழிபெயர்ப்பு பிடிக்காதவை

இனி, திரும்பி வந்த ஆங்கிலத்தில் சுத்தமாக இருந்த சொற்களைப் பாருங்கள். 'பிரச்சினை', 'அசௌகரியம்', 'உணர்வின்மை' மூன்றும் பிசகில்லாமல் மூலச் சொல்லாகவே திரும்பின. அகராதி வழியே போய் அகராதி வழியே வந்தால் அப்படித்தான் வரும்.

ஆனால் "கழுத்தில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால், பெரிய நோய் ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்து, "அதெல்லாம் ஒன்றும் இல்லை, வலி மட்டும்தான்" என்று பதில் வரும். 'உணர்வின்மை' பலருக்குப் புரிவதில்லை. 'மரத்துப்போவது' என்றால் விளக்கமே வேண்டாம். 'அசௌகரியம்' என்றதும் உட்கார இடம் சரியில்லை, கழிப்பறை சரியில்லை என்று கம்பெனி வசதியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து இடுப்பில் இருக்கிறது. முதல் வரைவில் 'கீழ் முதுகு' என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம், இடுப்பு மூட்டுப் பகுதிக்கு 'இடுப்பு / தொடை' என்று போட்டோம் என்று கொள்ளுங்கள். மீள்மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் மூலத்தில் உள்ள அதே இரண்டு ஆங்கிலச் சொற்களைத் திருப்பித் தருவார்கள். கூட்டத்தில் யாரும் கையைத் தூக்கமாட்டார்கள்.

ஆனால் தையல் மிஷினில் உட்கார்ந்து எழுந்திருக்கும் பெண் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுகிறாரோ அந்த இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் இடுப்பு. கீழ் முதுகு என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே கீழ் முதுகுக்கு 'இல்லை' என்றும், அடுத்து வரும் இடுப்புக்கு 'ஆம்' என்றும் பதில் விழும். உலகமெங்கும் முதலிடம் பிடிக்கும் கீழ் முதுகுவலி திருப்பூரில் குறைவு, இடுப்பு மூட்டு வலி அதிகம் என்று ஆய்வு முடிவு சொல்லும். அட்டவணை சுத்தமாக இருக்கும், கணக்கு சரியாக இருக்கும், முடிவு மட்டும் தவறாக இருக்கும். அதை வைத்து நாற்காலியை மாற்றச் சொல்வதா, தொடைக்குப் பயிற்சி சொல்வதா என்ற அறிவுரையும் தடம் மாறும்.

தீர்வு, மக்கள் வைத்திருக்கும் பெயரை மக்கள் வைத்திருக்கும் இடத்துக்கே கொடுத்துவிடுவது. கீழ் முதுகுக் கேள்வியில் "இடுப்பு, அதாவது முதுகின் அடிப்பகுதி" என்று எழுதுங்கள். அடுத்த கேள்வியில் இடுப்பு என்ற சொல்லைத் தனியே விடாமல், "தொடையும், தொடை உடம்போடு சேரும் மூட்டும்" என்று எழுதுங்கள். இந்த வடிவத்தை மீள்மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் மூலத்தைவிட நீளமாக, சற்று விசித்திரமான ஆங்கிலமாகத்தான் திரும்பும். திரும்பட்டும்.

கையும் காலும்கூட இப்படித்தான். தமிழில் கை என்பது தோளிலிருந்து விரல்நுனி வரை. கால் என்பது தொடையிலிருந்து பாதம் வரை. 'மணிக்கட்டு, கை' என்று வாசித்தால் முழங்கை வலிக்கும் 'ஆம்' வரும். 'மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள்' என்று எழுதிவிடுங்கள். 'முட்டி' என்று மட்டும் சொன்னால் கை முட்டியா கால் முட்டியா என்ற கேள்வி வரும். 'முழங்கால்' பிரச்சினையில்லை.

படத்தைக் கட்டாயம் காட்டுங்கள். படம் இருக்கிறதே என்பதற்காகச் சொல்லைச் சும்மா விட்டுவிடவும் கூடாது. அது பின்பக்க உருவம். சிலர் அதை எதிரில் நிற்கும் ஆள் என்று எண்ணி இடதையும் வலதையும் மாற்றிவிடுவார்கள். தோள் கேள்வியில் வலது, இடது, இரண்டும் என்று பதில் பிரிவதால் இது முக்கியம். படத்தைப் பார்த்துவிட்டு அவர்களுடைய உடம்பிலேயே தொட்டுக் காட்டச் சொல்வதுதான் பாதுகாப்பு.

## ஐந்தாம் படி: வாசித்துக் காட்டிக் கேட்பது

திருத்திய வடிவத்தைப் பத்துப் பேர் அளவில் ஒரு சிறு குழுவிடம் கொண்டுபோங்கள். கம்பெனிக்குள் செய்யாதீர்கள். சூப்பர்வைசர் காதுக்கு எட்டும் தூரத்தில் 'எனக்கு முதுகு வலிக்கிறது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுத் திண்ணையில், மெதுவாக.

இங்கே பதில் முக்கியமல்ல. கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதே முக்கியம். கேள்வியை வாசித்து, பதில் வாங்கி, பிறகு துருவ வேண்டும். "அக்கா, நான் என்ன கேட்டேன் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்." "எந்த இடம்? தொட்டுக் காட்டுங்கள்." "12 மாதம் என்றேனே, எந்த மாதத்திலிருந்து நினைத்துப் பார்த்தீர்கள்?" புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று, "புரிந்தது கண்ணு" என்பதுதான் பதிலாக வரும்.

இந்தச் சுற்றில் வழக்கமாக அகப்படுபவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

வேலை பற்றிய கேள்வியை வரைவில் "வழக்கமான வேலையைச் செய்வதிலிருந்து தடுக்கப்பட்டீர்களா?" என்று எழுதியிருப்பார்கள். தடுத்தது யார் என்று எதிர்க்கேள்வி வரும். கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்றார்களா என்று கேட்பதாக நினைப்பார்கள். இன்னொரு சிக்கல், வேலை என்றாலே சம்பளம் வரும் வேலைதான். துணி துவைக்க முடியாமல் மகளிடம் கொடுத்ததை அவர்கள் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூலம் வீட்டு வேலையையும் தெளிவாகவே சேர்க்கிறது. ஆகவே: "அந்தத் தொந்தரவால், கம்பெனியிலோ வீட்டிலோ நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை ஒரு முறையாவது செய்ய முடியாமல் போனதா?" வலியோடு செய்து முடித்தால் 'இல்லை' என்பதைக் களப்பணியாளர் கையேட்டில் எழுதி வையுங்கள்.

கடந்த 7 நாட்கள் இரண்டாவது. 'கடந்த வாரம்' என்று எழுதினால், சனிக்கிழமை சம்பளத்தோடு முடிந்த போன வாரத்தை நினைப்பார்கள். செவ்வாயன்று கேட்கும்போது திங்கட்கிழமை வலித்தது கணக்கில் வராது. '7 நாட்கள்' என்றே எழுதி, "போன செவ்வாயிலிருந்து இன்று வரை" என்று அன்றைய கிழமையைச் சொல்லச் சொல்லுங்கள். 12 மாதத்துக்கும் அப்படித்தான் ஒரு கொம்பு வேண்டும், பிடித்துக்கொள்ள. கணக்கெடுப்பு ஐப்பசியில் நடந்தால் "போன தீபாவளி போனஸ் வாங்கியதிலிருந்து" என்பது எந்தத் தேதியையும்விட நன்றாக வேலை செய்யும். மற்ற மாதங்களில் பொங்கலோ ஆடிப்பெருக்கோ ஊர் மாரியம்மன் திருவிழாவோ எது அருகில் வருகிறதோ அது.

மூன்றாவது, வேலை நேரம். நார்டிக் கேள்வித்தாளின் தொடக்கத்தில், வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை என்று ஒரு கேள்வி உண்டு. மொழிபெயர்ப்பில் எந்தச் சிக்கலும் இல்லை, மீள்மொழிபெயர்ப்பும் பொருந்தும். ஆனால் திருப்பூரில் யாரும் மணிக்கணக்கில் யோசிப்பதில்லை. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் கணக்கு. ஆர்டர் அவசரம் என்றால் அதுவும் நீளும். மணிக்கணக்கு கேட்டால் குத்துமதிப்பாக ஏதோ ஓர் எண் வரும். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள் என்று கேட்டு மணிக்கணக்கை நீங்களே போடுங்கள். இது மொழிபெயர்ப்பு அல்ல, தகவமைப்பு. அறிக்கையில் அப்படியே குறிப்பிட வேண்டும். அதே பக்கத்தில் 'இப்போதைய வேலை வகையில் எத்தனை ஆண்டுகள்' என்பதற்கும், இந்தக் கம்பெனியில் எத்தனை ஆண்டு என்று பதில் வரும். கம்பெனி மாறுவது இங்கே சாதாரணம். "எந்தக் கம்பெனியாக இருந்தாலும், டெய்லர் வேலையில் மொத்தம் எத்தனை ஆண்டு?" என்று கேளுங்கள்.

## கொங்குத் தமிழில் எழுதலாமா

இந்தக் கேள்வி ஒவ்வொரு பயிற்சிக் கூட்டத்திலும் வரும். என் கருத்து: தாளில் எழுத வேண்டாம். திருப்பூரில் தைப்பவர்களில் தேனிக்காரரும் திண்டுக்கல்காரரும் தஞ்சாவூர்க்காரரும் உண்டு. எளிய பொதுத் தமிழில் எழுதிவிட்டு, வாசிக்கும்போது வினைமுற்றை மட்டும் ஊர்ப் பேச்சுக்கு இறக்கிக்கொள்ளக் களப்பணியாளருக்கு அனுமதி கொடுங்கள். மரியாதைக்கு 'ங்க' சேர்ப்பதில் தவறே இல்லை. அது இல்லாமல் கேட்டால்தான் அதட்டுவதுபோல் இருக்கும். ஆனால் உடல் பகுதியின் பெயர், காலம், 'ஒரு முறையாவது' ஆகியவற்றை அவர்கள் தொடக் கூடாது. அந்தச் சொற்களைத் தாளில் தடித்த எழுத்தில் அச்சிட்டால் நினைவூட்ட வேண்டியதில்லை.

கழுத்துக் கேள்வியின் இறுதி வடிவம்:

"கடந்த 12 மாதங்களில் ஒரு முறையாவது உங்கள் கழுத்தில் வலியோ, உளைச்சலோ, மரத்துப்போவதோ, வேறு ஏதாவது தொந்தரவோ இருந்ததா?"

'அசௌகரியம்' போய் 'வேறு ஏதாவது தொந்தரவு' வந்திருக்கிறது. இது மூலச் சொல்லாகத் திரும்பாது. ஆனால் வலி என்று சொல்ல முடியாத சிறு உறுத்தல் உள்ளவரும் 'ஆம்' சொல்வார். நோக்கக் குறிப்பு கேட்டது அதைத்தான்.

## ஆறாம் படி: மாற்றியதைத் திரும்ப அனுப்புவது

களத்திலிருந்து வந்து திருத்திய கேள்விகளை மட்டும், முன்பு பார்க்காத ஒருவரிடம் மறுபடி மீள்மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். எளிமையாக்கும் ஆர்வத்தில் ஏதாவது உதிர்ந்திருக்கும். "கம்பெனியிலோ வீட்டிலோ" என்பதைச் சேர்த்த கை, "அந்தத் தொந்தரவால்" என்பதை விட்டுவிடுவது உண்டு. அப்போது பிரசவத்துக்கு விடுப்பு எடுத்ததும் கழுத்துவலிக் கணக்கில் சேரும். இந்த மாதிரி விடுபடுதலைப் பிடிப்பதில் மீள்மொழிபெயர்ப்புக்கு நிகரில்லை.

அதன் பிறகுதான் 30 முதல் 40 பேரிடம் முழுத் தாளையும் வைத்து முன்னோட்டம். பீட்டன் வழிகாட்டுதல் சொல்லும் எண்ணிக்கை அது. அதே ஆட்களில் சிலரிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். 12 மாதக் கேள்விகளின் பதில் பெரிதாக மாறக் கூடாது. மாறினால் அந்தக் கேள்வி இன்னும் மயக்கமாக இருக்கிறது. இரண்டு முறை சொன்ன பதில்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கக் கப்பா என்ற அளவைப் பயன்படுத்துவார்கள். 7 நாள் கேள்வியின் பதில் மாறுவது இயல்பு; அதை வைத்துத் தமிழைக் குறை சொல்ல முடியாது.

ஆய்வேடுகளில் நார்டிக் கேள்வித்தாளுக்கு கிரான்பாக் ஆல்பா கணக்கிட்டு, நம்பகத்தன்மை நிறுவப்பட்டது என்று எழுதுகிறார்கள். ஒரே தன்மையை அளக்கும் பல கேள்விகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று பார்ப்பது ஆல்பா. கழுத்து வலிப்பவருக்கு முழங்காலும் வலிக்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்த எண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் தமிழாக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

## பதிவேடு

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: கேள்வி எண், பழைய சொல், புதிய சொல், மாற்றக் காரணம், அது எங்கே அகப்பட்டது. இடுப்புக்கான வரி இப்படி இருக்கும்:

> கேள்வி: கீழ் முதுகு. முன்பு: 'கீழ் முதுகு'. இப்போது: 'இடுப்பு, அதாவது முதுகின் அடிப்பகுதி'. அகப்பட்ட இடம்: வாசித்துக் காட்டியபோது, தொட்டுக் காட்டச் சொன்னதில் இடம் மாறியது. மீள்மொழிபெயர்ப்பில் தெரியவில்லை. தொடர்புடைய மாற்றம்: இடுப்பு மூட்டுக் கேள்வியில் 'இடுப்பு' நீக்கப்பட்டது.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒரு சொல்லை இடம் மாற்றினால் அது முன்பு இருந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

திருப்பூரில் இதே கேள்வித்தாள் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் தேவைப்படும். ஒடியா, இந்தி வடிவங்களைத் தமிழிலிருந்து செய்யாதீர்கள். ஆங்கில மூலத்திலிருந்தே செய்ய வேண்டும். நோக்கக் குறிப்பையும் இந்தப் பதிவேட்டையும் மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுங்கள். இடுப்பில் வந்த சிக்கல் அவர்கள் மொழியில் முழங்காலில் இருக்கலாம். எந்தக் கேள்விகளில் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதாவது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.